முன் அனுமதிப் படிவத்தில் ஒரு வரி

நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு முன் அனுமதி கிடைக்காதபோது, குடும்பத்தாரின் கோபம் காப்பீட்டு நிறுவனத்தின் மேல்தான் திரும்பும். மறுப்புக் கடிதத்தை நிதானமாகப் படித்தால், சில நேரங்களில் காரணம் நம் மருத்துவமனை அனுப்பிய படிவத்திலேயே இருக்கும். சிகிச்சை அளிக்கும் மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதியில், நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்கும் வரி அது.

அறந்தாங்கியிலிருந்து பித்தப்பைக் கல்லுக்காக ஒருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். பாலிசி எடுத்தது 2023 ஜனவரி. ஸ்கேனில் கல் முதன்முதலில் தெரிந்தது 2025 மே. ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. பல பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு உள்ள 2 ஆண்டுக் காத்திருப்பு முடிந்துவிட்டது. ஆனால் அவர் பேச்சுவாக்கில் “நாலு வருஷமா வயித்துல கேஸ் தொல்லை” என்று சொன்னதைப் பயிற்சி மருத்துவர் “வயிற்றுவலி, 4 ஆண்டுகள்” என்று எழுதிவிடுகிறார். படிவத்தைப் பார்க்கும் டி.பி.ஏ.வுக்கு அது பாலிசிக்கு முந்தைய, சொல்லாமல் மறைத்த நோய். முதலில் கேள்வி வரும். பிறகு மறுப்பு வரும்.

உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. பழைய செரிமானக் கோளாறு எது, இப்போதைய வலி எப்போது தொடங்கியது, கல் எந்தத் தேதி ஸ்கேனில் தெரிந்தது என்று பிரித்து எழுதி, அந்த ஸ்கேன் அறிக்கையை முதல் விண்ணப்பத்தோடே இணைக்க வேண்டும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 சுற்றறிக்கையில், கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றது. நடைமுறையில் ஒரு கேள்வி எழுந்தாலே அந்த ஒரு மணி நேரம் நாள்கணக்காக நீண்டுவிடுகிறது. அதனால் அட்மிஷன் அன்று காலையில் அனுப்பாமல், மூன்று நாள் முன்பே அனுப்புவது நல்லது. டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதிக்கு 3 மணி நேரம்தான் கெடு. அதைத் தாண்டுவதால் மருத்துவமனை கூடுதலாக வாங்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். அனுமதி கேட்ட நேரத்தை நம் இன்சூரன்ஸ் டெஸ்க் குறித்து வைத்திருந்தால்தான் நோயாளி இதைக் கேட்டு வாங்க முடியும்.

மறுப்பு வந்துவிட்டால் நோயாளியிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: கேஷ்லெஸ் மறுப்பு என்பது கிளெய்ம் மறுப்பு ஆகாது. பணம் கட்டிச் சிகிச்சை பெற்று, பில்களோடும் மருத்துவரின் விளக்கக் கடிதத்தோடும் ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். அதுவும் மறுக்கப்பட்டால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. காத்திருக்க முடியாத நோயாளிக்கு இந்த வழி நீளமானதுதான். அதனால்தான் முதல் படிவத்தில் இவ்வளவு கவனம் வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்களின் நிலை வேறு. அது முழுக்கக் கேஷ்லெஸ் திட்டம். முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொல்லக் கூடாது. அனுமதி தாமதமானால் உடனே திட்டத்தின் மாவட்ட அலுவலரிடம் பேச வேண்டும். அங்கும் தீராவிட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர் குழுவுக்கு மனு எழுத நம் டெஸ்க்கே உதவ வேண்டும்.