பழவேற்காட்டிலிருந்து கிழக்கே ஒரு கோடு



டிசம்பர் மாதம் நெருங்கினால் சுனாமி பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது: “கடல் முதலில் உள்வாங்கும், பிறகுதானே அலை வரும்? உள்வாங்குவதைப் பார்த்ததும் ஓடினால் போதாதா?” இதற்கான பதில் நம் பிள்ளைகளின் புவியியல் பாடநூலிலேயே இருக்கிறது. இணையும் எல்லை, விலகும் எல்லை, பக்கவாட்டில் நழுவும் எல்லை என்று மூன்று குறுக்குவெட்டுப் படங்களை அங்கே பார்த்திருப்பீர்கள். பரீட்சைக்கு வரைந்து, பெயர் எழுதி, மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுகிற படங்கள் அவை. இந்த மாதப் பக்கத்தில் அவற்றை நம் ஊர்க் கடலில் வைத்துப் படிக்கலாம்.

நம் ஆரணியாறு பழவேற்காட்டில் கடலைத் தொடுகிறது. அந்தக் கரையிலிருந்து கிழக்கே அந்தமானைத் தாண்டி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் வழியே பூமியைச் செங்குத்தாக வெட்டி, பக்கவாட்டில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவெட்டுப் படம் என்பது அதுதான். ஒரு தாளில் 1 சென்டிமீட்டருக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்தால், இடக்கோடியில் பழவேற்காடு, 13 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி அந்தமான் தீவுகள், அதற்கும் ஒரு சென்டிமீட்டர் கிழக்கே பாரன் தீவு எரிமலை. அந்தமானுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இந்தப் பக்கம், கடலடியில் ஓர் அகழி.

இப்போது ஒரு சிக்கல். வங்கக் கடலின் ஆழம் சுமார் 3 கிலோமீட்டர்தான். அதே அளவில் வரைந்தால் கடல் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது, பென்சில் கோட்டுக்குள் மறைந்துவிடும். அதனால் வரைபவர்கள் உயரத்தை மட்டும் இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். நீளவாக்கில் 1 சென்டிமீட்டருக்கு 100 கிலோமீட்டர், உயரவாக்கில் 1 சென்டிமீட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால் கடல் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சாய்வுகள் எல்லாம் பொய்யாகிவிடும். அகழியிலிருந்து பாரன் தீவு வரை கிடைமட்டமாக ஏறக்குறைய 220 கிலோமீட்டர். அந்தத் தீவின் அடியில், அமிழும் தட்டு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையான சராசரிச் சாய்வு 25 பாகையைத் தொடாது. நம் படத்திலோ அதே தட்டு 77 பாகைக்கு மேல் சாய்ந்து, கிணற்றில் இறங்குவதுபோல் நிற்கும். ஆகவே எந்தக் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தாலும் முதலில் இரண்டு அளவுகோல்களையும் ஒப்பிட வேண்டும். அளவுகோலே போடாத படமானால், அதில் உள்ள சாய்வை நம்பக் கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, எல்லை எங்கே இருக்கிறது என்பது. பழவேற்காட்டுக் கரையில் நிலம் முடிந்து கடல் தொடங்குகிறது. ஆகவே அங்கே ஒரு தட்டு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று பல மாணவர்கள் கோடு போட்டுவிடுகிறார்கள். அது தவறு. நாம் நிற்கும் நிலமும், அந்தமான் அகழி வரையிலான கடலடியும் சேர்ந்தே இந்தியத் தட்டு. ஆனால் ஒரு காலத்தில் இங்கேயும் ஓர் எல்லை இருந்தது. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் கிழக்குக் கரையும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்து பிரிந்தன. அந்தப் பிளவின் பள்ளங்களில் படிந்த மணலும் களிமண்ணும் பாறைகளாகி, நமக்குப் பக்கத்துச் சத்தியவேட்டிலும் தெற்கே திருப்பெரும்புதூரிலும் கிடக்கின்றன. அவற்றில் பழங்காலத் தாவரங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. விலகும் எல்லை விட்டுச் சென்ற தடம் அது.

இனி கோட்டின் கிழக்கு முனைக்குப் போவோம். அம்புக்குறிகள் இரண்டும் ஒன்றை ஒன்று நோக்கியிருந்தால் அது இணையும் எல்லை. இந்தியத் தட்டு அந்தமான் அகழியில் கீழே அமிழ்கிறது. அமிழும்போது அதன் மேல் படிந்திருந்த வண்டலும் கடலடிப் பாறையும் சுரண்டப்பட்டு, எதிர்த் தட்டின் விளிம்பில் மடிப்பு மடிப்பாகக் குவிகின்றன. அந்தமான் தீவுகள் பெரும்பாலும் அந்தக் குவியலின் தலைதான். அவை எரிமலைகள் அல்ல. எரிமலை அதற்கும் கிழக்கே, பாரன் தீவில் இருக்கிறது. நூற்றாண்டுக்கு மேல் அடங்கியிருந்து 1991இல் மீண்டும் வெடித்த, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை அது.

அது ஏன் அகழியின் மேலேயே இல்லாமல் இத்தனை தூரம் தள்ளி நிற்கிறது? தட்டுகள் உரசிச் சூடேறி உருகுவதால் எரிமலை வருகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அமிழும் தட்டு குளிர்ந்தது. அதன் கனிமங்களுக்குள் கடல்நீர் சிறைப்பட்டிருக்கிறது. தட்டு நூறு கிலோமீட்டர் அளவுக்கு இறங்கும்போது அழுத்தத்தால் அந்த நீர் வெளியேறி, மேலே உள்ள சூடான பாறைக்குள் புகுகிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அந்த உருகல்தான் மேலேறி எரிமலையாகிறது. ஆகவே படத்தில் எரிமலை எங்கே நிற்கிறதோ, அதற்குக் கீழே தட்டு ஏறக்குறைய அந்த ஆழத்தை எட்டியிருக்கிறது என்று படிக்கலாம்.

பாரன் தீவுக்குத் தெற்கே, அந்தமான் கடலின் நடுவில் விலகும் எல்லை ஒன்றும் இருக்கிறது. அங்கே அம்புகள் எதிரெதிராக விலகுகின்றன. ஏறக்குறைய 40 லட்சம் ஆண்டுகளாகப் புதுக் கடலடி அங்கே உருவாகிவருகிறது. இங்கேயும் பாறை உருகுகிறது, ஆனால் காரணம் வேறு. தட்டுகள் விலகுவதால் கீழே உள்ள சூடான பாறை மேலெழுகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்ததும் உருகுகிறது. நீரும் தேவையில்லை, புதிதாக வெப்பமும் தேவையில்லை.

மூன்றாவது, பக்கவாட்டில் நழுவும் எல்லை. இதைத்தான் குறுக்குவெட்டுப் படம் சரியாகக் காட்டாது. நகர்வு தாளுக்குள்ளும் தாளிலிருந்து வெளியேயும் நடக்கிறது. அதனால் வட்டத்துக்குள் புள்ளி இட்டால் அந்தப் பக்கம் நம்மை நோக்கி வருகிறது, வட்டத்துக்குள் பெருக்கல் குறி இட்டால் விலகிப் போகிறது என்று குறிப்பார்கள். இந்தக் குறிகள் இல்லாத படம் வெறும் செங்குத்துக் கோடுதான். மேலிருந்து பார்க்கும் வரைபடம் பக்கத்தில் வேண்டும். அந்தமான் கடல் விரிவின் வடமுனை மியான்மரின் சகாயிங் பிளவோடு சேர்கிறது. இந்தியத் தட்டு இங்கே நேராக மோதாமல் சாய்வாக மோதுவதால், எதிர்ப்புறத் தட்டின் விளிம்பு கிழிந்து வடக்கே இழுபடுகிறது. அந்த இழுப்பின் நழுவல் கோடுகளில் ஒன்று சகாயிங். 2025 மார்ச் 28இல் அங்கே 7.7 அளவு நிலநடுக்கம் வந்தது. மாண்டலே நகரம் நொறுங்கியது. தொலைவில் பாங்காக்கில் கட்டுமானத்தில் இருந்த உயரக் கட்டடம் விழுந்தது. ஆனால் இப்படிப்பட்ட நழுவல் எரிமலையை உண்டாக்குவதில்லை. பாறை மேலேறவும் இல்லை, நீர் கீழிறங்கவும் இல்லை. உருகக் காரணமே இல்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, காலை 6.29 மணிக்கு சுமத்ராவில் தொடங்கிய உடைப்பு, அகழியை ஒட்டி அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ஓடியது. அமிழும் தட்டோடு பல நூறு ஆண்டுகள் ஒட்டி அழுந்தியிருந்த மேல்தட்டின் விளிம்பு, வளைத்துப் பிடித்த பிரம்பை விட்டதும் நிமிர்வதுபோல் எழுந்தது. அகழியின் பக்கம், அதாவது மேற்கே கடலடி உயர்ந்தது. அதற்குப் பின்னால் கிழக்கே தாழ்ந்தது. நிலத்திலும் இதைக் காண முடிந்தது: வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் நீருக்கு மேலே தூக்கப்பட்டன, போர்ட் பிளேர் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, கடல் ஊருக்குள் நுழைந்தது.

கடலடி எழுந்த பக்கம் நீர் மேடாகிறது, தாழ்ந்த பக்கம் பள்ளமாகிறது. மேடு மேற்கே, நம்மை நோக்கிக் கிளம்பியது. பள்ளம் கிழக்கே, தாய்லாந்தை நோக்கிப் போனது. அதனால்தான் தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் உள்வாங்கியது. நம் கிழக்குக் கரையின் அலைமானிகளில் முதலில் பதிவானது நீர் உயர்வு. நம் பக்கம் கடல் உள்வாங்கியதெல்லாம் அலைகளுக்கு இடையில்தான். 3 கிலோமீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அது சென்னைக் கரையில் இருந்தது.

2012 ஏப்ரல் 11ஐயும் நினைத்துப் பாருங்கள். சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம். சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் வீதிக்கு ஓடிவந்தார்கள், சுனாமி எச்சரிக்கை விடப்பட்டது, பெரிய அலை வரவில்லை. அந்த உடைப்பு அகழியில் அல்ல, இந்தியத் தட்டின் உள்ளேயே, பக்கவாட்டு நழுவலாக நடந்தது. கடலடி பெரிதாக ஏறி இறங்காததால் நீர் மேடாகவில்லை. அதற்காக நழுவல் நிலநடுக்கம் என்றால் பயமில்லை என்று சொல்லிவிட முடியாது. 2018இல் இந்தோனேசியாவின் பாலுவில் அப்படிப்பட்ட நிலநடுக்கமே வளைகுடாவில் சுனாமியைக் கிளப்பியது. கரையோரச் சரிவுகள் கடலில் விழுந்ததும் அதில் சேர்ந்தது.

கரையில் நிற்கும் ஒருவருக்கு எந்தப் பிளவு எப்படி நகர்ந்தது என்று தெரியாது. அதைக் கணக்கிட்டுச் சொல்ல ஐதராபாத்தில் தேசிய சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. ஆகவே பழவேற்காடு, காட்டுப்பள்ளி, எண்ணூர் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எச்சரிக்கை வந்தால், கடல் உள்வாங்குகிறதா என்று பார்க்கக் கரைக்குப் போகாதீர்கள். அந்தமான் அகழியில் பெரும் உடைப்பு நேர்ந்தால், நம் கரைக்கு முதலில் வருவது பெரும்பாலும் உயரும் நீராகத்தான் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்