கையெழுத்து பொய்யென்றால் கழித்த கணக்கும் பொய்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. வயதான உம்மா, வாப்பா பெயரில் வங்கிப் புத்தகம் இருக்கிற வீட்டுக்காரர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் சாச்சிக்கு வயது 68. சாச்சாவின் ஓய்வூதியம் அவருடைய சேமிப்புக் கணக்கில் விழுகிறது. அந்தக் கணக்கிலிருந்து ஒன்பது நாள் இடைவெளியில் முதலில் 75,000 ரூபாவும் பிறகு 60,000 ரூபாவும் எடுக்கப்பட்டிருந்தன. சாச்சி எடுக்கவில்லை. கிளையில் கேட்டபோது இரண்டு பணமெடுக்கும் படிவங்களையும் காட்டினார்கள். இரண்டிலும் அவருடைய பெயர் இருந்தது, ஆனால் கையெழுத்து அவருடையதல்ல. அதைச் சொன்னபோது கிடைத்த பதில்: "வீட்டுக்குள்ள விசாரிச்சுப் பாருங்க. பொலிஸ்ல ஒரு என்ட்ரி போடுங்க. ஆள் பிடிபட்டா பிறகு பார்ப்பம்."

நாங்கள் வங்கியின் பெயரை எழுதப்போவதில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை. ஆனால் இந்தப் பதிலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஏனென்றால் இதே பதிலைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அந்தப் பதில் பிழையானது. நாம் வங்கியில் போடும் பணம் நமக்காகப் பெட்டியில் கட்டி வைக்கப்படுவதில்லை. அது வங்கியின் பணமாகிவிடுகிறது. அதே தொகைக்கு வங்கி நமக்குக் கடன்காரனாகிறது. நாம் உத்தரவிட்டால் மட்டுமே அந்தக் கடனிலிருந்து கழிக்க அதற்கு உரிமை உண்டு. நம் உத்தரவு என்பது நம் கையெழுத்து. அது பொய்யென்றால் உத்தரவே இல்லை. உத்தரவில்லாமல் யாரோ ஒருவருக்குக் காசாளர் கொடுத்தது வங்கி தன் பணத்தைக் கொடுத்ததாகும். சாச்சிக்கு இருந்த கடன் அப்படியே இருக்கிறது.

இது நாங்கள் வகுத்த நியாயமல்ல. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, இலங்கையில் வங்கித்தொழில் பற்றிய வழக்குகளில் நம் நாட்டுச் சட்டம் வேறுவிதமாகச் சொல்லாதவிடத்து ஆங்கிலச் சட்டமே பின்பற்றப்படுகிறது. வங்கி வாடிக்கையாளருக்குக் கடன்காரன் என்று ஆங்கிலேய நீதிமன்றம் 1848இலேயே சொல்லிவிட்டது. ஆகவே யார் கையெழுத்தைப் போட்டது என்பது பொலிஸ் பார்க்க வேண்டிய கேள்வி. சாச்சி போட்டாரா இல்லையா என்பதுதான் வங்கி பார்க்க வேண்டிய கேள்வி. முதல் கேள்விக்கு விடை வரும்வரை இரண்டாவதைத் தள்ளிப்போட வங்கிக்கு நியாயமில்லை.

அதனால் முறைப்பாட்டை எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம். "என் பணம் களவு போய்விட்டது, கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று எழுதினால் அது தயவு கேட்பதாகிவிடும். நாங்கள் சாச்சியின் பெயரில் எழுதியது இது:

"மேற்படி கணக்கிலிருந்து குறித்த இரு திகதிகளில் முறையே ரூபா 75,000உம் ரூபா 60,000உம் கழிக்கப்பட்டுள்ளன. அப்படிவங்களில் உள்ள கையொப்பங்கள் என்னுடையவை அல்ல. என் சார்பில் பணமெடுக்க எவருக்கும் நான் அதிகாரம் அளிக்கவில்லை. அப்பணத்தை நான் பெறவுமில்லை. இரு தொகைகளையும் கழிக்கப்பட்ட திகதிகளிலிருந்தே செல்லுபடியாகும் விதத்தில் என் கணக்கில் மீள வரவு வைக்கவும். மூலப் படிவங்கள், மாதிரிக் கையொப்ப அட்டை, அந்நேரத்துக் கமராப் பதிவு, கொடுப்பனவு செய்த காசாளரினதும் அனுமதித்த அதிகாரியினதும் விபரம் ஆகியவற்றை அழியாமல் பாதுகாக்கவும். விசாரணை முடிவை எழுத்தில் அறியத்தரவும்."

இதில் யார் பெயரும் இல்லை, சந்தேகமும் இல்லை. சாச்சிக்கு நிச்சயமாகத் தெரிந்தது மட்டுமே இருக்கிறது. "திகதிகளிலிருந்தே" என்று கேட்டது வட்டிக்காக. இன்றைய திகதியில் வரவு வைத்தால் இடைப்பட்ட காலத்து வட்டி போய்விடும். கமராப் பதிவு பல இடங்களில் குறித்த காலத்துக்குப் பிறகு தானாக அழிந்துவிடும். "வாற கிழமை எழுதித் தாங்க" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் பெற்றவரின் கையொப்பமும் வாங்குங்கள். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்குச் சாட்சி இல்லை.

பிறகு வங்கி சொன்னது: "வயசானவங்கட கையெழுத்து மாறும்தானே." மாறும். ஆனால் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும். சாச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பெயரைத் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதுவார். இப்போது கை நடுங்குகிறது, கோடுகள் அலைகின்றன. கடைசி எழுத்தின் புள்ளியை எல்லாம் எழுதி முடித்த பிறகு வைப்பதால் அது எழுத்தின் தலையில் விழாது, வலப்பக்கம் தள்ளியே விழும். படிவத்தில் இருந்த கையெழுத்தோ ஒரே ஓட்டத்தில் எழுதியது, புள்ளி நேரே தலையில் இருந்தது. அது சாச்சியின் கையெழுத்தை விட நன்றாக இருந்தது! வயதானால் கையெழுத்து குலையும், திடீரென்று திருந்தாது. தன் கைக்கு எட்டாத ஓட்டத்தில் ஒருவரால் எழுத முடியாது. பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற எங்களுக்கு வீட்டுப்பாடத்தை மூத்த ராத்தா எழுதிக் கொடுத்தது தெரிவது இதனால்தான்.

மறுபக்கமும் உண்டு. படிவத்துக் கையெழுத்து மாதிரி அட்டையில் உள்ளதோடு அச்சு அசலாகப் பொருந்தினால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. ஒரே ஆள் இரண்டு தடவை போடும் கையெழுத்துகள் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழுவதில்லை. வைத்து வரைந்தால்தான் அப்படி விழும். வரைந்த கோட்டில் அழுத்தம் ஒரே மாதிரி இருக்கும், தேவையில்லாத இடத்தில் பேனை நின்று எழும்பியிருக்கும். இதை மூலப் படிவத்தில்தான் சரியாகப் பார்க்கலாம், போட்டோப் பிரதியில் அழுத்தம் தெரியாது. மூலத்தைப் பாதுகாக்கக் கேட்டது அதற்காகவும்தான்.

கிளையில் சாச்சியிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "பத்துத் தரம் சைன் வைங்க" என்றார்கள். பதற்றத்தில் வைக்கும் கையெழுத்து இயல்பாக வராது என்பதால், அதை மட்டும் வைத்து ஒப்பிட நாங்கள் விடவில்லை. ஓய்வூதியத்துக்காகக் கொடுத்த உயிர்வாழ்ச் சான்றிதழ் போன்று, பிரச்சினை வருவதற்கு முன், அதே காலத்தில் வைத்த கையெழுத்துகளின் பிரதிகளையும் சேர்த்துக் கொடுத்தோம். நிபுணரிடம் போனாலும் இந்த இரண்டு வகையும் வேண்டும்.

கையெழுத்தை விட உறுதியாகப் பேசியவை வேறு இரண்டு காகிதங்கள். 75,000 ரூபா எடுக்கப்பட்ட அன்று சாச்சி ஆஸ்பத்திரியில் வார்டில் இருந்தார். அனுமதித்த நாளும் விட்ட நாளும் டயக்னோசிஸ் கார்ட்டில் இருக்கின்றன. அடுத்தது வங்கிப் புத்தகம். புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பணமெடுத்தால் அந்தப் பதிவு அன்றே அச்சாகும். சாச்சியின் புத்தகத்தில் ஒன்பது நாள் இடைவெளியுள்ள இரண்டு பதிவுகளும், பின்னால் வந்த ஓய்வூதிய வரவும், நாங்கள் புதுப்பித்த அன்று ஒரே நேர்கோட்டில், ஒரே மையில் அச்சாகின. அப்படியென்றால் பணம் கொடுத்த இரண்டு நாட்களிலும் புத்தகம் கவுன்டருக்குப் போகவில்லை. புத்தகமில்லாமல் கொடுக்க அனுமதித்தது யார்? அடையாள அட்டையைப் பார்த்தது யார்? இவற்றையும் எழுத்தில் கேட்டோம். "வீட்டுக்குள்ள பாருங்க" என்று சொன்னவர்கள் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் கோப்பைத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள்.

இனி நம்மவர்களுக்கு. வங்கியை விட எங்களை அதிகம் களைப்படையச் செய்தவர்கள் நீங்கள்தான். "குடும்ப மானம் போகும்", "பொம்புள ஆளை பொலிஸ், கோடு என்று இழுக்க வேணாம்", "அல்லாஹ்கிட்ட பொறுப்புச் சாட்டிட்டு விடுங்க". எடுத்தது சொந்தக்காரனாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் இவற்றின் அடியில் இருக்கிறது. அந்தப் பயம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் மௌனம் யாரைத் தண்டிக்கும் என்று பாருங்கள்.

இங்கிலாந்தில் ஒரு கணவர். மனைவி அவருடைய கையெழுத்தைப் போட்டு வங்கியில் பணமெடுத்தார். 1929இல் கணவருக்குத் தெரியவந்தது. மனைவி கெஞ்சியதால் பல மாதங்கள் வங்கிக்குச் சொல்லாமல் இருந்தார். பிறகு சொல்லப்போகிறேன் என்றபோது மனைவி தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். கணவர் வழக்குப் போட்டார். 1932இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்த்தது. கையெழுத்து பொய்தான், ஆனால் தெரிந்தும் பேசாமல் இருந்ததால் வங்கி உரிய ஆள்மீது வழக்குப் போடும் வாய்ப்பை இழந்தது, ஆகவே இப்போது கேட்க முடியாது என்றது. கிரீன்வூட் எதிர் மார்ட்டின்ஸ் வங்கி என்ற அந்த வழக்கு, மானம் காக்க மௌனம் காத்தவர் பணத்தையும் இழந்த கதை. தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்தபின் மறைப்பது வேறு. தெரிந்த அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. "இது என் கையெழுத்தல்ல" என்ற உண்மையைச் சொன்னால் போதும்.

இதற்கு எல்லையும் உண்டு. வெற்றுப் படிவத்தில் நாமே கையெழுத்து வைத்து மகனிடம் கொடுத்து, அவன் கூடுதலாக எழுதி எடுத்திருந்தால் அது இந்தக் கதையல்ல. கையெழுத்து நம்முடையது, வழக்கு பலவீனமாகிவிடும். உம்மாமார் வெற்றுப் படிவத்தில் வைத்துக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். தாமே வைத்த கையெழுத்தை மறுப்பது பொய், அது குற்றமும்கூட.

வங்கி இழுத்தடித்தால் முதலில் அதன் தலைமையகத்து முறைப்பாட்டுப் பிரிவு. அங்கும் சரிவராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். வங்கிக்கு எழுதிய கடிதமும் முத்திரையிட்ட பிரதியும் கையில் இருந்தால்தான் இங்கெல்லாம் பேச்சு எடுபடும். பொலிஸ் முறைப்பாடும் போடுங்கள், நாங்களும் போட்டோம். ஆனால் அது வங்கிக்கான முறைப்பாட்டுக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து.

ஏழு வாரங்களுக்குப் பிறகு 75,000 ரூபா திரும்பி வந்தது. கூடவே கையொப்பமிடச் சொல்லி ஒரு கடிதமும் வந்தது. "மனிதாபிமான அடிப்படையில்" இத்தொகை வழங்கப்படுகிறதாம், இத்தோடு இரு கொடுக்கல்கள் பற்றியும் வேறு கோரிக்கை இல்லை என்று சாச்சி ஒப்புக்கொள்கிறாராம். அந்த ஒரு வரியில் 60,000 ரூபா போய்விடும். சாச்சி கையொப்பமிடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாளில் போட்டது பொய்யென்றால், அதே ஓட்டத்தில், அதே இடத்தில் புள்ளி வைத்துப் போட்ட மற்றது எப்படி உண்மையாகும் என்று கேட்டு மத்திய வங்கிக்கு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே போடுவோம்.

உங்கள் வீட்டு வங்கிப் புத்தகத்தை இந்தக் கிழமையே கொண்டுபோய்ப் புதுப்பித்துப் பாருங்கள். வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இதைப் பகிருங்கள்.