தாமதக் கட்டணமும் ஒரு விண்ணப்பமும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், தம்முடைய கிரெடிட் கார்டு வங்கிக்கு எழுதிய மூன்று பக்கக் கடிதத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார். ஆயுளில் ஒருநாளும் எவருக்கும் பாக்கி வைத்தறியாத தமக்கு நேர்ந்த அவமானம், வங்கிகளின் பேராசை, நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும் உத்தேசம் எல்லாம் அதில் விஸ்தாரமாக இருந்தன. எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பது மட்டும் இரண்டாம் பக்கத்தின் நடுவே அரை வாக்கியமாக ஒளிந்துகொண்டிருந்தது.

அந்த அரை வாக்கியத்தை அவரையே விரித்துச் சொல்லச் செய்தேன். கார்டுக்குரிய பில் 18,640 ரூபாய். செலுத்த வேண்டிய கடைசி நாள் ஆகஸ்டு 5. வேறொரு வங்கியிலுள்ள அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து மாதந்தோறும் அந்தத் தொகை தானாகவே எடுக்கப்படும்படி ஏற்பாடு செய்திருந்தார். கே.ஒய்.சி. பத்திரங்களை முந்தின மாதமே கொடுத்து ரசீதும் பெற்றிருந்தபோதிலும், அவை வரவில்லையென்று அந்தச் சேமிப்பு வங்கி பிசகாகப் பதிவு செய்து 4ஆம் தேதி கணக்கை முடக்கிவிட்டதால், மறுநாள் கார்டு வங்கி பணம் கேட்டபோது கோரிக்கை திரும்பிப் போயிற்று. 9ஆம் தேதி குறுஞ்செய்தி வந்த பிறகே விஷயம் தெரிந்து, கிளைக்கு ஓடி முடக்கத்தை நீக்கச் செய்து, அன்றே முழுத் தொகையையும் கட்டிவிட்டார். அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் 750 ரூபாயும், அதன்மேல் ஜி.எஸ்.டி. 135 ரூபாயும் வந்து நின்றன.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, கோபம் போய்ச் சேர்ந்த விலாசம் சரியானதல்ல என்பது. தவறு செய்தது சேமிப்பு வங்கி. கட்டணம் விதித்ததோ கார்டு வங்கி. கடைசி நாள் கடந்து மூன்று நாட்களுக்கு மேலாகியும் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம் என்பது, கார்டுகளைப் பற்றி ரிசர்வ் வங்கி பிறப்பித்த நெறிமுறைகளில் உள்ள விதி. அன்பர் 8ஆம் தேதிக்குள் கட்டியிருந்தால் அந்தக் கட்டணமே விதிவிரோதமாகியிருக்கும். அப்போது கெஞ்ச வேண்டியதில்லை, விதியைச் சுட்டித் திருப்பிக் கேட்டாலே போதும். நான்காம் நாள் கட்டியவருக்கு அந்தப் பாத்தியதை இல்லை. ஆகவே இந்தக் கடிதம் நியாயஸ்தலத்தில் தாக்கல் செய்யும் வாதமன்று. விதியின்படி நடந்துகொண்ட ஒருவரிடம், விதியைத் தளர்த்தும் அதிகாரத்தை இம்முறை உபயோகிக்கும்படி கேட்கும் விண்ணப்பம். கடிதத்தைப் படிக்கப்போகும் சிப்பந்திக்குத் தம் வங்கியின் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நிர்ப்பந்தம் எதுவும் இல்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டால், காரியத்தில் பாதி முடிந்த மாதிரிதான்.

இரண்டாவது விஷயம், அன்பர் கேட்க மறந்துபோன தொகை. முழுப் பில்லும் கெடுவுக்குள் கட்டப்படாவிட்டால், வட்டியில்லாத சலுகைக் காலம் அந்த மாதத்துக்குப் பறிபோய், ஒவ்வொரு பொருளும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். அவருடைய பில்லில் வேறொரு மூலையில் வட்டி 700 ரூபாயும் அதன் ஜி.எஸ்.டி. 126 ரூபாயும் இருந்தன. தாமதக் கட்டணத்தை மட்டும் தள்ளும்படி கேட்டிருந்தால், வங்கி தாராளமாக அதைத் தள்ளியிருக்கும். ஏறக்குறைய அதே அளவான இந்தத் தொகை சத்தமின்றி வசூலாகியிருக்கும். வரியையும் சேர்த்தே கேட்க வேண்டும். கட்டணம் திரும்பி வந்து ஜி.எஸ்.டி. மட்டும் தங்கிவிடுவது உண்டு. கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தாமதம் என்று அறிவிக்கப்பட்டிருந்தால் அந்தப் பதிவையும் திருத்தக் கோருவது அவசியம். அன்பருக்கு வீட்டுக் கடன் வாங்கும் உத்தேசம் இல்லாவிட்டாலும்தான்.

இனிச் சாட்சியம். கணக்கில் பணம் இருந்தது என்று நாம் சொல்வது வெறும் வார்த்தை. 4ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரையிலான கணக்கு அறிக்கையின் பக்கம், மற்ற வரவுசெலவுகளை மறைத்து இருப்பை மட்டும் காட்டினால், அது பிரமாணம். கே.ஒய்.சி. ரசீதும், 9ஆம் தேதி பணம் செலுத்தியதற்கான யு.டி.ஆர். எண்ணும் அதனுடன் சேர வேண்டியவை. எல்லாவற்றிலும் முக்கியமானது சேமிப்பு வங்கியின் கடிதம், அதைப் பெறுவதுதான் சிரமமும்கூட. “எங்கள் தவறு” என்று எழுதித்தரும்படி அன்பர் கேட்டிருக்கிறார். மேனேஜர் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று நழுவிவிட்டார். எந்த மேனேஜரும் அப்படித்தான் செய்வார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி கேளாமல் தேதிகளை மாத்திரம் கேளுங்கள் என்றேன்: பத்திரங்கள் பெறப்பட்ட நாள், கணக்கு முடக்கப்பட்ட நாள், நீக்கப்பட்ட நாள், 5ஆம் தேதி இருந்த இருப்பு. மறுநாளே முத்திரையுடன் கடிதம் வந்தது. பத்திரம் பெற்ற பிறகு முடக்கினார்கள் என்பதை அந்தத் தேதிகளே சொல்லிவிடுகின்றன.

அதன் பிறகு மூன்று பக்கமும் இவ்வளவாகச் சுருங்கின:

“ஐயா, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் மேலே குறிக்கப்பட்டுள்ள என் கார்டின் ஆகஸ்டு 5ஆம் தேதிக்குரிய 18,640 ரூபாய், நான் தானியங்கிப் பற்றுக்கு ஏற்பாடு செய்திருந்தும் அன்று தங்களுக்கு வந்துசேரவில்லை. என் சேமிப்புக் கணக்கு 4 முதல் 9ஆம் தேதி வரை அந்த வங்கியால் முடக்கப்பட்டிருந்ததே காரணம். போதிய இருப்பு இருந்ததையும், கே.ஒய்.சி. பத்திரங்களை நான் முன்பே அளித்திருந்ததையும் இணைப்பிலுள்ள அவ்வங்கியின் கடிதமும் கணக்குப் பக்கமும் ரசீதும் காட்டும். தகவல் தெரிந்த 9ஆம் தேதியே முழுத் தொகையையும் செலுத்திவிட்டேன்; யு.டி.ஆர். எண் இணைப்பில் உள்ளது. இதில் தங்கள் தரப்பில் பிழையேதும் இல்லை என்பதை அறிவேன். கடந்த பன்னிரண்டு மாதங்களில் என் கணக்கில் வேறு தாமதம் இல்லாததைத் தங்கள் பதிவேட்டில் காணலாம். எனவே தாமதக் கட்டணம் 750, வட்டி 700, இவற்றுக்குரிய ஜி.எஸ்.டி. 261, ஆக 1,711 ரூபாயைத் தள்ளுபடி செய்து, தாமதப் பதிவு ஏதேனும் அனுப்பப்பட்டிருப்பின் அதையும் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

முப்பது வருஷ நாணயம் எங்கே என்று அன்பர் சற்று வருத்தத்துடன் கேட்டார். வங்கியின் திரையில் தெரியக்கூடிய பன்னிரண்டு மாதங்கள், திரையில் தெரியாத முப்பது வருஷங்களைக் காட்டிலும் பலமானவை என்று சொல்லிப் பார்த்தேன், முற்றிலும் சமாதானமாகவில்லை. நீதிமன்றத்தை எடுத்துவிட்டதில் மட்டும் அவருக்கு ஆக்ஷேபமில்லை. முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பது கார்டு வங்கிக்கும் தெரிந்ததுதான். முதல் கடிதத்திலேயே அதை எழுதினால், இளகக்கூடிய சிப்பந்தியும் கடிதத்தைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டால் தற்சமயத்துக்குப் போதும்.

பத்து நாளில் பதில் வந்தது. கட்டணமும் அதன் வரியும் தள்ளுபடி, வட்டிக்கு இயலாது. எஞ்சிய 826 ரூபாய்க்கு அன்பர் இப்போது சேமிப்பு வங்கிக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தக் கடிதத்தில் விண்ணப்பமும் வேண்டுகோளும் கிடையாது: நீங்களே முத்திரையிட்டுக் கொடுத்த தேதிகளின்படி எனக்கு நேர்ந்த நஷ்டம் இவ்வளவு, கார்டு வங்கியின் பதில் இணைப்பில், தொகையை என் கணக்கில் வரவு வைக்கவும்.