இரண்டு செக்கன் மோகமும் கலைச்சொற் பிழையும்

ஆங்கிலத்தில் நிகழும் ஆய்வரங்குரையொன்றை இணையவழி நேரலையாக அனுப்பி, அதன் அடியில் தமிழ் உபதலைப்பை உடனுக்குடன் ஓடவிடுதல் இன்று இயலக்கூடியதாகிவிட்டது. இத்தகைய ஏற்பாடுகளை முன்னின்று நடத்துவோரும், அதற்கான பொறிகளை விற்போரும் முதலிற் பெருமைப்படுவது தாமதத்தின் குறைவு பற்றியே. பேச்சாளர் வாய்திறந்து இரண்டு செக்கனில் எழுத்து திரைக்கு வந்துவிடும் என்பர். எத்தகைய எழுத்து வரும் என வினவின், "சிற்சில பிழைகள் இருக்கும், பார்ப்போர் விளங்கிக்கொள்வர்" என்பர். இவ்விடை பொருந்தாது என்பதும், இரண்டு செக்கனை நாடி ஓடும் ஓட்டமே திருத்துவதற்கான வாய்ப்பை அழித்துவிடுகின்றது என்பதும் இங்கு நிறுவப்படவேண்டியன.

"விளங்கிக்கொள்வர்" எனப்படுவோர் யாவர்? ஆங்கிலம் நன்கறிந்தவர் உபதலைப்பை நோக்குவதில்லை; அவருக்கு அது வேண்டியதுமில்லை. அதனை நம்பியிருப்பவர் ஆங்கிலப் பேச்சைத் தொடரமுடியாத மாணவரே. எனவே பிழையைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அதனைப் பார்ப்பதில்லை, பார்ப்பவராற் கண்டுபிடிக்கமுடிவதில்லை. சாதாரண எழுத்துப் பிழையாயின் கண் தானாகவே திருத்திக்கொள்ளும். கலைச்சொற் பிழையோ அவ்வாறானதன்று. அது இலக்கணச் சுத்தமாக, ஐயத்துக்கு இடமின்றி, உரை முழுவதும் திரும்பத் திரும்ப வரும். மாணவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

ஓர் உதாரணத்தை நோக்குவாம். காற்றுமின் உற்பத்தி பற்றிய உரை ஒன்று. காற்றிலுள்ள "பவர்" அதன் "ஸ்பீட்" என்பதன் மும்மடிக்கு விகிதசமமானது என்கிறார் பேச்சாளர். அதாவது காற்று இருமடங்காக வீசினால் எட்டு மடங்கு கிடைக்கும். அதன்பின், எந்தக் காற்றாலையும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேற் பெறமுடியாது என்ற, செருமானியரான பெற்ஸ் கணித்த எல்லையைக் கூறி, "எபிசியன்சி" பற்றிப் பேசத் தொடங்குகிறார். பொறி தரும் தமிழ் பின்வருமாறு அமையலாம்: "காற்றின் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு விகிதசமம்."

தமிழ்நாட்டு மாணவருக்கு இவ்வாக்கியத்திற் பிழையேதுமில்லை. அங்கே பவர் என்பது திறன். ஸ்பீட் என்பது வேகம். இலங்கைப் பாடநூல்களிற் பயின்றவருக்கோ இரு சொற்களும் பிழை. இங்கு பவர் என்பது வலு. திறன் என்பது எபிசியன்சி. ஸ்பீட் என்பது கதி. வேகம் என்பது திசையையும் உள்ளடக்கிய வெலோசிற்றி. ஆகவே இங்குள்ள மாணவர் வாசிப்பது, காற்றாலையின் வினைத்திறன் காற்று விரைய விரைய மும்மடியாகப் பெருகுகின்றது என்பதையே. அடுத்த வாக்கியத்தில் அத்திறனுக்கு 59.3 சதவீதம் எல்லை என வரும்போது அவர் முற்றிலும் குழம்புவார். தமக்குத்தான் விளங்கவில்லை என்றே எண்ணுவார். அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் வெளியிட்ட சொற்றொகுதிகளின் வழியே ஈழத்தில் வேரூன்றிய கலைச்சொற்கள் ஒருபுறம். தமிழ்நாட்டில் வேரூன்றியவை மறுபுறம். எது சிறந்தது என்ற பழைய வழக்கை இங்கு மீண்டும் எடுக்கவேண்டியதில்லை. பொறி பயின்ற எழுத்தில் மிகப் பெரும்பகுதி தமிழ்நாட்டினது என்பதும், ஆதலின் அது கேளாமலே ஒரு பக்கம் சார்ந்துவிடும் என்பதுமே இங்கு கவனிக்கற்பாலன. (காற்றாலையின் இதழ் திருப்பப்படும் கோணத்தை ஆங்கிலத்தில் "பிட்ச்" என்பர். அது துடுப்பாட்ட ஆடுகளமாக மொழிபெயர்க்கப்படின் சிரித்துவிட்டு அப்பாற் செல்லலாம். சிரிப்பை வரவழைக்காத பிழைகளே அபாயகரமானவை.)

இனி, தாமதம் பற்றிய வாதத்துக்கு வருவோம். இரண்டு செக்கனில் தமிழ் தருவதற்குத் தடையாக நிற்பது பொறியின் மந்தம் மட்டுமன்று. இரு மொழிகளின் சொல்லொழுங்குமாகும். ஆங்கிலத்திற் "காற்றாலை" முதலில் வரும். "டென்மார்க்கிற் பரிசோதிக்கப்பட்ட" என்ற அடை பின்னால் வரும். தமிழிலோ அடை முன்னும் பெயர் பின்னுமாகும். வினை இறுதியில் நிற்கும். வாக்கியம் முடியுமுன் எழுதத் துணியும் பொறி ஒன்றில் ஊகிக்கவேண்டும், அன்றேல் எழுதியதை அழித்து மீண்டும் எழுதவேண்டும். அழித்தெழுதினால் வரி கண்முன்னே துள்ளும்: "அதிகாரம்" என வந்தது "மின்சாரம்" ஆகி, பின் "திறன்" ஆகும். மாணவர் அதே வரியை மூன்று முறை வாசித்து, இதற்கிடையிற் படத்தைத் தவறவிடுவார்.

இத்துள்ளலைத் தணிக்க ஆய்வாளர் ஒரு வழி கண்டுள்ளனர். புதிய ஒலி வருந்தோறும் பொறி மீண்டும் கேட்கும். அடுத்தடுத்த இரு தடவையும் ஒன்றுபடும் சொற்களை மாத்திரமே உறுதியெனக் கொள்ளும். 2023 இல் பிராகு நகரின் சாள்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் பங்குகொண்ட ஆய்வொன்று, ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் ஆங்கில உரைகளை இம்முறையால் ஏறத்தாழ 3.3 செக்கன் தாமதத்தில் எழுத்தாக்கியது. இது மெச்சத்தக்கதே. ஆயின் இது அசைவைத் தடுக்குமேயன்றி அறியாமையைத் தடுக்காது. பவர் என்பதைத் திறன் என்றே அறிந்த பொறி, இருமுறை கேட்டாலும் இருபது முறை கேட்டாலும் திறன் என்றே உடன்படும். பிழை இன்னும் உறுதியாகத் திரையில் நிற்கும். தரத்தை அளக்கும் கோலும் இதனைக் காட்டிக்கொடுப்பதில்லை. 2002 இல் முன்வைக்கப்பட்டு இன்றும் வழங்கும் "புளூ" என்னும் அளவுகோல் சொற்றொடர் ஒற்றுமையை எண்ணுவது. இருபது சொற்களில் ஒன்று பிழைத்தால் புள்ளி சிறிதே குறையும். அந்த ஒரு சொல்லே உரையின் பொருளாயிருப்பதை அது அறியாது.

ஆகவே மனிதத் திருத்துநர் ஒருவர் வேண்டும். அவருக்கு நேரம் வேண்டும். அந்நேரம் எங்கிருந்து வரும்? அது ஏற்கெனவே கையிலிருக்கின்றது என்பதே விந்தை. பெருந்தொகையானோருக்கு அனுப்பப்படும் நேரலை, மண்டபத்தில் நிகழும் கணத்தில் வீட்டுக்கு வந்துசேர்வதில்லை. பரவலாக வழங்கும் எச்.எல்.எஸ். முறையிற் படம் பெரும்பாலும் ஆறு செக்கன் துண்டுகளாக வெட்டப்படுகின்றது. பார்ப்போரின் கருவி ஏறத்தாழ மூன்று துண்டு பின்னாலேயே ஓட்டத் தொடங்கும். ஆறு மூன்று பதினெட்டு. குறியாக்கத்துக்குச் செல்வதையுஞ் சேர்த்தால் இருபது செக்கன். வீட்டிலிருப்பவர் எவ்வாறாயினும் இருபது செக்கன் பிந்தியே கேட்கிறார். அவருக்கு எழுத்தை மட்டும் இரண்டு செக்கனில் அனுப்புவதால் யாது பயன்? தனிவழியில் விரைந்து அனுப்பினாலோ, பேச்சாளர் வாய்திறக்குமுன்பே அவர் சொல்லப்போவது திரையிலே தோன்றும். உபதலைப்பு பேச்சை முந்தி ஓடக் காணின், அமைப்பாளர் இவ்விரு தாமதங்களையும் ஒன்றெனக் கொண்டு மயங்கிவிட்டார் என அறிந்துகொள்ளலாம். வீட்டிலிருப்பவருக்குப் பொருட்டாவது பேச்சாளரின் வாய்க்கும் எழுத்துக்கும் உள்ள தூரமன்று. அவர் காணும் படத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தூரமே. ஒவ்வொரு வரியிலும் பேச்சின் நேரத்தைக் குறித்து அனுப்பினால் படத்துடன் அது பொருந்தி நிற்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்கண்ட வாக்கியத்தைச் சொல்ல ஏழு செக்கன் செல்கின்றது என்க. மூன்று செக்கன் பிந்தி, பத்தாஞ் செக்கனில் ஆங்கில எழுத்து உறுதிப்படும். பதினோராஞ் செக்கனில் தமிழ் வரும். வீட்டுத் திரையில் அவ்வாக்கியம் தொடங்குவதோ இருபதாஞ் செக்கனில். இடையிலுள்ள ஒன்பது செக்கன் திருத்துநருக்குரியது. முழு வரியைத் தட்டச்சு செய்ய அது போதாது. ஒரு சொல்லைத் தெரிந்து மாற்றப் போதும். ஆனால் வாக்கியம் பதினைந்து செக்கன் நீண்டால் எஞ்சுவது ஒரே செக்கன். அத்தகைய வாக்கியங்களைப் பொருள் முறியாதவிடத்து வெட்டவேண்டும். இயலாதெனின் ஒளிபரப்பையே முப்பது செக்கனாகப் பிந்தவிடவேண்டும். 2019 இல் அறிமுகமான குறுந்தாமத முறையால் நேரலையைச் சில செக்கன்களாகச் சுருக்கலாம் என விற்போர் கூறுவர். துடுப்பாட்டத்துக்கு அது நன்று. ஆய்வரங்கிற்கு அதனை வாங்குவது, திருத்துநரின் நாற்காலியை விற்றுக் கடிகாரம் வாங்குவது போன்றது. எழுத்துமூலம் வரும் வினா முப்பது செக்கன் பிந்தி வந்தால் எவருக்கும் நட்டமில்லை.

திருத்தும் முறையிலும் ஒரு படுகுழி உண்டு. வந்த தமிழில் "திறன்" என்பதைத் தேடி "வலு" என மாற்றும்படி பணித்தால், "செயல்திறன்" "செயல்வலு" ஆகும். "வேகம்" என்பதைக் "கதி" ஆக்கச் சொன்னாலோ, வேற்றுமையேற்று "வேகத்தின்" என நிற்கும் இடங்கள் யாவும் தப்பிவிடும். தமிழில் உருபேற்கும்போது சொல்லின் உடலே மாறுவதால் இது தவிர்க்கமுடியாதது. எனவே விதி தமிழ்ச் சொல்லின்மீதன்றி ஆங்கில மூலத்தின்மீது இடப்படவேண்டும்: "பவர்" வருமிடத்து "வலு" என்பதைக்கொண்டே மொழிபெயர்க்க எனப் பொறிக்குக் கட்டளையிட்டு, வெளிவராத வரிகளை மீண்டும் பெயர்க்கச் செய்தல் வேண்டும். அப்போதும் கண் விழித்திருக்கவேண்டும். உரையின் முடிவில் தலைவர் எழுந்து அமைச்சின் "பவர்" பற்றிப் பேசுவார். அது வலுவன்று, அதிகாரம். பொறி ஆங்கிலத்தையே பிழையாகக் கேட்டிருந்தால் ஆங்கில எழுத்தைத்தான் திருத்தவேண்டும். அவ்வாறாயின் சிங்களத்துக்குச் செல்லும் உபதலைப்பும் கூடவே திருந்தும்.

இவற்றின் பெரும்பகுதியை முதல்நாளே செய்துவிடலாம். பேச்சாளரின் படவில்லைகளைப் பெற்று, அவற்றிலிருந்து முப்பது நாற்பது சொற்களைப் பொறுக்கி, பாடநூலோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விசையை ஒதுக்கிவைத்தால் ஒன்பது செக்கன் தாராளமாகும். பேச்சாளர் வில்லைகளை முன்கூட்டித் தரமறுப்பதும், அமைப்பாளர் கேளாதிருப்பதுமே பெரும்பாலான பிழைகளின் பிறப்பிடம்.

இத்தனைக்குப் பின்னும் சில பிழைகள் திரைக்கு வந்துவிடும். அவற்றை எவருமறியாது பின்னர் மாற்றிவிடலாம் என்போர் உளர். ஏற்கெனவே குறிப்பெழுதிக்கொண்ட மாணவரின் தாளில் அம்மாற்றம் நிகழாது என்பதை அவர் நினைப்பதில்லை. நமது அச்சகங்கள் பிழைதிருத்தத் தாளொன்றை நூலுள் ஒட்டி அனுப்பின; அதனால் எந்நூலின் மதிப்பும் குறையவில்லை. திரையிலும், "இதுவரை திறன் என வந்தது வலு எனக் கொள்க" என்ற ஒரு வரி, உரையின் அடுத்த இடைவெளியில், வாசித்துமுடிக்கும் அளவு நிற்கவேண்டும். பதிவுசெய்யப்பட்ட பிரதியில் மாத்திரம் மூல வரியையே திருத்திவிடலாம்.

மண்டபத்துள் அமர்ந்திருப்போர் நிலை வேறு. அங்கே இருபது செக்கன் கிடையாது. பேச்சாளர் சுட்டும் வரைபடம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கும். அங்கு திருத்தப்படாத தமிழ் வாக்கியங்களை ஓடவிடுவதைவிட, திரையின் ஓரத்திற் "பவர் – வலு", "ஸ்பீட் – கதி" என அவ்வப்போது பேசப்படும் சொல்லிணைகளை மட்டும் நிறுத்துதல் நேர்மையானது. அப்பட்டியல் முதல்நாளே ஆயத்தமாயிருக்கும். அதனைக் காட்ட ஒரு செக்கனுக்கு மேற் செல்லாது.