சூனியத்துக்குக் கேட்கப்படும் கணக்கிலக்கம்

மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து அம்பாறை மாவட்டம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது பெரியநீலாவணை. அங்கிருந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று நீளும் இந்தக் கரையோரத்தில் மந்திரம் புதிய சொல்லல்ல. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஊர்ப்பகுதி இது. கழிப்புக் கழித்தல், நூல் கட்டுதல், தண்ணீர் ஓதிக் கொடுத்தல் ஆகியவை தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இருந்து வந்திருக்கின்றன. இன்று நம் கவலை அந்தப் பழைய வழக்கத்தைப் பற்றியதல்ல. "கணவன் மனைவி பிரிவா, காதலர் பேசவில்லையா, ஒரே நாளில் தீர்வு" என்று பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் விளம்பரம் போட்டு, வட்ஸ்அப்பில் பேசி, உங்கள் உறவுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களைப் பற்றியது. செய்வினை உண்டா இல்லையா என்ற வாதத்தில் இறங்காமலே இவர்களை மோசடிக்காரர்கள் என்று அடையாளம் காண முடியும், காண வேண்டும். நம்பிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, பணம் எப்படிக் கேட்கப்படுகிறது என்பதை மட்டும் பார்த்தாலே போதும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதல் பேச்சு பெரும்பாலும் இலவசம். பெயர், பிறந்த திகதி, தாயின் பெயர், கணவனின் அல்லது காதலரின் படம் ஆகியவை கேட்கப்படும். சில நிமிடங்களில் பதில் வரும்: உறவுக்காரப் பெண் ஒருத்திக்குப் பொறாமை, வீட்டு வாசலில் ஏதோ புதைக்கப்பட்டிருக்கிறது, உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கட்டு விழுந்திருக்கிறது. கேட்பவருக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் பொறாமைக்கார உறவினர் ஒருவர் எந்தக் குடும்பத்தில் இல்லை? மீதி விவரம் அவரது சொந்தப் பேஸ்புக் பக்கத்தில் ஏற்கெனவே கிடக்கிறது. கணவன் கட்டாரில் வேலை செய்கிறார் என்பதைப் படமே சொல்லிவிடும். எஞ்சியதைக் கேட்பவரே தன் வாயால் சொல்லிவிடுவார். அடுத்து ஒரு சிறு தொகை, தகட்டுக்கோ பூசைச் சாமானுக்கோ. அது போனபின், கட்டு நினைத்ததைவிடக் கடினமானது, மூன்று பேர் சேர்ந்து செய்திருக்கிறார்கள் என்று செய்தி வரும். தொகை இரட்டிக்கும். பாதியில் விட்டால் அது உங்கள் பிள்ளைகளின் மேல் திரும்பும் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். தாலிக்கொடியோ காப்போ அடகுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தக் கதையின் உச்சம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு, நன்றாகப் பதிவான வழக்கு ஒன்று நியூயோர்க்கில் இருக்கிறது. தன்னை விட்டு விலகிய ஒரு பெண்ணை மீண்டும் அடைய விரும்பிய இளைஞர் ஒருவர் குறிசொல்லும் பெண்ணிடம் போனார். படித்தவர், நல்ல சம்பளம் வாங்கியவர். அவரிடமிருந்து விலையுயர்ந்த மோதிரம் வாங்கப்பட்டது. கடந்த காலத்துக்குப் போய் அவரைச் சுத்தம் செய்ய ஒரு கைக்கடிகாரம் கேட்கப்பட்டது. வேறோர் உலகில் தங்கத்தால் பாலம் கட்ட வேண்டும் என்று பெருந்தொகை வாங்கப்பட்டது. இடையில், தான் தேடிய பெண் இறந்தேவிட்டார் என்பது அவருக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகும் பணம் நிற்கவில்லை, ஏனென்றால் அவள் வேறோர் உடலில் திரும்பி வருவாள் என்று சொல்லப்பட்டது. 2015இல் அந்தக் குறிகாரி கைதானபோது கணக்கு ஏழு இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. பின்னர் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்த வழக்கை முட்டாள் ஒருவரின் கதையாக வாசிப்பவர்கள் அதன் பாடத்தைத் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு தொகையும் அதற்கு முந்தைய தொகையைக் காப்பாற்றுவதற்காகக் கொடுக்கப்பட்டது. ஐம்பதாயிரம் ரூபா போனபின் இன்னும் இருபதாயிரம் கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்றால், கொடுக்காமல் விடுவது அந்த ஐம்பதாயிரத்தையும் கடலில் போட்டதாக மனதுக்குத் தோன்றும். செய்வினை என்பது இந்தக் கணக்குக்கு மிகப் பொருத்தமான பொருள். அது இருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான், போய்விட்டது என்று சொல்லக்கூடியவரும் அவர்தான். இயந்திரம் பழுது என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அதை இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்க்கலாம். வைத்தியர் சொன்னதை வேறொரு வைத்தியரிடம் கேட்கலாம். இங்கே இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமே விடப்படுவதில்லை. "யாரிடமும் சொல்லாதே, சொன்னால் பலிக்காது" என்ற நிபந்தனை அதற்காகவே வைக்கப்படுகிறது. எச்சரிக்கை அடையாளங்களில் நாம் முதலிடம் தருவது இதற்குத்தான். ஒரு பரிகாரம் உங்கள் தாய்க்கோ சகோதரனுக்கோ தெரியக்கூடாது என்றால், மறைக்கப்படுவது பரிகாரமல்ல, பணம் போகும் வழி.

மற்ற அடையாளங்களும் இதே வேரிலிருந்து வருபவை. நீங்கள் கேட்காமலேயே, பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் செய்வினை கண்டுபிடிக்கப்படுவது ஒன்று. பலன் வராதபோது கட்டணம் குறையாமல் கூடுவது இன்னொன்று. இன்று இரவுக்குள் அனுப்பாவிட்டால் நேரம் தப்பிவிடும் என்று அவசரப்படுத்துவதும், நிறுத்தப் போகிறேன் என்றதும் குரல் மாறி மிரட்டுவதும் அப்படியே. உடல் தெரியும் படங்களை "பூசைக்காக" கேட்பவர் ஒருவர் இருந்தால், அங்கே சூனியக் கதை முடிந்து வேறொரு குற்றம் தொடங்குகிறது. அந்தப் படங்களே பிறகு மிரட்டலுக்குப் பயன்படும். சந்தேகமுள்ளவர்கள் பணம் அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்: இதுதான் கடைசித் தொகையா, வேலை நடக்காவிட்டால் திரும்பத் தருவீர்களா, இதை எழுதித் தருவீர்களா? அவற்றுக்கு வரும் கோபமே பதில்.

இதற்கு எழும் மறுப்புகளில் மிகக் கனமானது நம்பிக்கை சார்ந்தது. சிஹ்ர் உண்மை என்று மார்க்கம் சொல்கிறதே, அதை எப்படி மோசடி என்று தள்ளுவது என்று முஸ்லிம் வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணவனையும் மனைவியையும் பிரிக்கும் சூனியத்தைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் பேசுகிறது என்பது உண்மைதான். இறைவனின் அனுமதியின்றி அதனால் எவருக்கும் தீங்கு செய்ய முடியாது என்பதையும் அதே வசனம் சொல்கிறது. குறிகாரனிடம் போய் ஒன்றைக் கேட்டவரின் நாற்பது இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்று ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி பதிவாகியிருக்கிறது. தாயின் பெயரைக் கேட்பவன், உடுத்த துணியைக் கேட்பவன் சூனியக்காரனின் அடையாளத்தைக் காட்டுகிறான் என்று உலமாக்கள் நெடுங்காலமாக எச்சரித்து வந்திருக்கிறார்கள். ஆக, சிஹ்ரை நம்புகிறவருக்குத்தான் இந்த வட்ஸ்அப் மந்திரவாதியைத் தவிர்க்க இரட்டைக் காரணம் இருக்கிறது. ஃபலக், நாஸ் அத்தியாயங்களை ஓதிக்கொள்ள யாருக்கும் பணம் அனுப்பத் தேவையில்லை. இந்து வாசகருக்கும் இதுவே பொருந்தும். ஊர்க் கோயிலில் அர்ச்சனைக்கு விலை எழுதிப்போடப்பட்டிருக்கிறது. நேற்றுச் செய்த அர்ச்சனை போதவில்லை, இன்று பத்து மடங்கு கொடு என்று எந்த ஐயரும் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பதில்லை.

நம்பாதவர்களுக்கு இந்த நாட்டிலேயே பெரிய ஆதாரம் ஒன்று உண்டு. விளம்பரங்களில் பலர் தங்களைக் கேரள மாந்திரீகர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் பகிரங்கமாக அறிவித்தார். அன்றைய ஒரு இலட்சம் பெரிய சொத்து. 1978இல் அவர் இறக்கும் வரை அதை எவராலும் வெல்ல முடியவில்லை.

விரும்பித்தானே கொடுத்தார்கள், அதில் என்ன குற்றம் என்பது அடுத்த வாதம். மன்ஹட்டனில் குறிசொன்ன சில்வியா மிச்சல் வழக்கில், ஒரு பெண்ணிடம் 27 ஆயிரம் டொலர் வாங்கப்பட்டது பணத்தின் மீதான பற்றை விடும் பயிற்சி என்ற பெயரில். அதுவும் விருப்பத்தோடு கொடுக்கப்பட்ட பணம்தான். 2013இல் ஜூரிகள் அவரைக் குற்றவாளியாகக் கண்டார்கள். 5 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நம் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையும் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஏமாற்றி ஒருவரின் பொருளை ஒப்படைக்கச் செய்வது 403ஆம் பிரிவின் கீழ் குற்றம். பொய்யால் பெறப்பட்ட சம்மதம் சம்மதமாகாது. ஆகவே முறைப்பாட்டை எடுக்கும் அதிகாரி "ஏன் கொடுத்தீர்கள்" என்று கேட்டுச் சிரிப்பதற்கு இடமில்லை. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பெரும்பாலானோர் பொலிஸ் நிலையப் படி ஏறுவதில்லை. கணவன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் இப்படிப் போனது என்பதை ஒரு பெண் மாமியாரிடம் சொல்வதற்கே அஞ்சும்போது, சீருடை போட்டவரிடம் எப்படிச் சொல்வாள்? மோசடிக்காரனுக்குப் பாதுகாப்பு தருவது அவனது மந்திரமல்ல, நமது கேலி.

அந்தப் பாதுகாப்பை உடைக்க வழி இருக்கிறது. மந்திரவாதியின் முகமும் பெயரும் பொய்யாக இருக்கலாம். பணம் போன வங்கிக் கணக்கோ ஈசி கேஷ் இலக்கமோ பொய்யாக இருக்க முடியாது. அது யாரோ ஒருவரின் அடையாள அட்டையில் திறக்கப்பட்டது. அந்த ஆள் வாடகைக்குக் கணக்கைக் கொடுத்தவராக இருந்தாலும், விசாரணை அவரிடமிருந்துதான் தொடங்கும். எனவே கோபத்திலோ வெட்கத்திலோ உரையாடலை அழித்துவிடக் கூடாது. இலக்கம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, குரற்பதிவுகளைச் சேமித்து, வைப்புச் சீட்டுகளை ஒன்றாக வைத்து, முதலில் வங்கிக்கு, உடனே பொலிசுக்குச் செல்ல வேண்டும். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று கட்டணம் கேட்டு அடுத்த நாள் ஒருவர் வந்தால், அவரும் அதே கூட்டத்தின் ஆளாகவே இருக்கக்கூடும்.

வங்கிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2025 யூலையில் நியூயோர்க்கின் ஹிக்ஸ்வில் பகுதியில், தீய சக்தியை ஓட்டுவதாக ஒரு முதிய பெண்ணிடம் 60 ஆயிரம் டொலருக்கு மேல் கேட்ட சோதிடர் ஒருவர் கைதானது, பெருந்தொகை எடுக்க வந்த அந்தப் பெண்ணைக் கண்டு வங்கி ஊழியர்களுக்குச் சந்தேகம் வந்ததால்தான். கல்முனையின் வங்கிக் கிளைகளிலும் அடகுப் பிரிவுகளிலும் இருப்பவர்கள் வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்தவர்கள். பதற்றத்தோடு நகையை நீட்டும் பெண்ணிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பது அவர்களுக்குக் கடினமல்ல.

உறவு உண்மையிலேயே முறிந்திருக்கலாம். அந்தத் துயரத்தை நாம் சிறிதாகக் காணவில்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். முஸ்லிம் குடும்பங்களுக்குக் காதி இருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய நிர்வாகங்களும் வெள்ளிக்கிழமை உரையிலும் திருவிழா ஒலிபெருக்கியிலும் இந்த மோசடியைப் பெயர் சொல்லி எச்சரிக்கட்டும். கல்முனைப் பொலிசார் இந்த முறைப்பாடுகளைப் பெண் அதிகாரி முன்னிலையில், தனி அறையில் ஏற்கட்டும். இணையவழிக் குற்றம் பற்றி அறிவிக்கவும் ஆலோசனை கேட்கவும் இலங்கை கணினி அவசர உதவிப் பிரிவின் 101 என்ற இலக்கம் இருக்கிறது. இன்று இரவுக்குள் பணம் அனுப்பச் சொல்லி யாராவது உங்களை மிரட்டினால், அனுப்புவதற்கு முன் அந்த இலக்கத்தை அழையுங்கள்.