குறைமாதக் குழந்தைக்கு இரண்டு கணக்கு: கண் பரிசோதனைக்கு எது, வளர்ச்சிக்கு எது?

ஓசூரில் சிப்காட் வேலைக்காகக் குடியேறிய குடும்பங்களில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சிலர் பெங்களூரு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார்கள். ‘குழந்தை நல்லாத்தானே இருக்கு, மறுபடியும் அத்திப்பள்ளி டிராபிக்ல போகணுமா?’ என்று அடுத்த பரிசோதனை தள்ளிப்போகிறது. ஆபத்து அங்கேதான்.

திருத்திய வயது என்றால் என்ன?

குழந்தை எத்தனை வாரம் முன்கூட்டிப் பிறந்ததோ, அதை வயதிலிருந்து கழிக்க வேண்டும். 30 வாரத்தில், ஜனவரி 10 அன்று பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். 40 வாரம் நிறைவது மார்ச் 21. ஜூலை 10 அன்று பிறந்த கணக்கில் 6 மாதம். 10 வாரத்தைக் கழித்தால், திருத்திய வயது சுமார் மூன்றரை மாதம். ‘ஆறு மாசமாச்சு, இன்னும் கவுந்து படுக்கலையே’ என்று அதற்குள் பதற வேண்டாம். எடை, உயரம், தலைச் சுற்றளவு, கழுத்து நிற்பது, உட்காருவது எல்லாவற்றையும் 2 வயது வரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

எதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது?

தடுப்பூசிக்கும் கண் பரிசோதனைக்கும் பொருந்தாது. இதே குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி பிப்ரவரி 21. விழித்திரைப் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள், அதாவது பிப்ரவரி 9-க்குள் முடிய வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் கீழ் எடை இருந்தாலோ இது கட்டாயம். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும்.

முழுதாக வளராத விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்வதுதான் ஆர்.ஓ.பி. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம். தாமதித்தால் விழித்திரை பிரிந்துவிடும். ஒருமுறை பார்த்தால் போதாது. விழித்திரை வளர்ந்து முடியும்வரை டாக்டர் சொல்லும் தேதிகளில் காட்ட வேண்டும்.

1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை நடக்கவில்லை. பார்வை பறிபோனது. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. பார்வை திரும்பவில்லை.

பால் எப்படிக் கொடுப்பது?

இந்தக் குழந்தைகள் பசித்தாலும் அழாமல் தூங்கிவிடலாம். அதனால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பித் தாய்ப்பால் தர வேண்டும். உறிஞ்சிக் களைத்துவிட்டால், மீதியைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். தண்ணீர், பசும்பால் கூடாது. ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போவதும், எடை தினம் 20 முதல் 30 கிராம் ஏறுவதும் பால் போதுகிறது என்பதற்கு அடையாளம். திட உணவை எப்போது தொடங்குவது என்பதைத் திருத்திய வயதை வைத்து டாக்டர் சொல்வார்.

பால் குடிக்காமல் துவண்டாலோ, உடல் சில்லிட்டாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

மாநில எல்லை தாண்டும்போது தொலைவது பெரும்பாலும் தேதிகள்தான். பெங்களூரு போக முடியாதவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டுடன் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால், அருகில் எங்கே பார்க்கலாம் என்பது தெரியவரும். மருத்துவமனைகளும் ‘ரிவியூ வரவும்’ என்று மட்டும் எழுதி அனுப்பாமல், கண் பரிசோதனைக்கான கடைசித் தேதியையும் அதைச் செய்யும் இடத்தையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.