ஒன்றரை லிட்டர்

வீட்டில் இங்கிலீஷ் படித்த பிள்ளை ஒருவன் இருந்தால் போதும், டிஸ்சார்ஜ் சம்மரிக்குத் தமிழ் தேவையில்லை என்று நம்பாதவர்கள் நம் ஊரில் குறைவு. டாக்டர்கள் நம்புகிறார்கள், நர்ஸ்கள் நம்புகிறார்கள், நோயாளியின் சொந்தக்காரர்களே நம்புகிறார்கள். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், தனியார் மருத்துவமனை ஒன்றில் நிர்வாகம் பார்க்கும் உறவினர் பக்கத்தில் உட்கார்ந்து இதையே சொன்னார். "தமிழ்ல குடுத்தா தாங்களாவே படிச்சுத் தப்பாப் புரிஞ்சுக்குவாங்க. இங்கிலீஷ்னா நாலு பேர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுப்பாங்க. இப்பல்லாம் பி.இ. படிக்காத பையன் எந்த வீட்லங்க இருக்கான்?" எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த பி.இ. படித்த பையன் என் பெரியப்பா வீட்டிலும் இருக்கிறான். கெட்டிக்காரன், அப்பா மேல் உயிரையே வைத்திருப்பவன். பெரியப்பாவுக்கு இதயம் பலவீனமாகி, நுரையீரலில் நீர் கோத்து, ஒரு மருத்துவமனையில் சேர்த்து நீரை இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஆறு பக்கச் சம்மரி. முதல் நாலரைப் பக்கம் என்னென்ன பரிசோதனை, என்னென்ன ஊசி, ரத்தத்தில் எது எவ்வளவு. வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில் ஏழெட்டு வரி. அதில் ஒரு வரி, நீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று இங்கிலீஷில். தம்பி அதைப் படித்தான். மறுநாளே கடைக்குப் போய் அளவு போட்ட பாட்டில் வாங்கி வந்தான். போனில் என்னிடம் பெருமையாகச் சொன்னான், "அக்கா, டாக்டர் ஒன்றரை லிட்டர் தண்ணி குடிக்கச் சொல்லிருக்காரு. அப்பா குடிக்க மாட்டேங்கறாரு. நான் விடறதில்ல, சாயங்காலத்துக்குள்ள பாட்டிலைக் காலி பண்ண வெச்சுடறேன்."

ஒன்றரை லிட்டர் என்பது அதற்கு மேல் போகக் கூடாது என்ற எல்லை. அவன் அதைக் குடித்தே தீர வேண்டிய அளவு என்று எடுத்துக்கொண்டான். நம் ஊரில் தண்ணீரைப் பற்றி எல்லா டாக்டரும் எல்லாப் பத்திரிகையும் சொல்வது நிறையக் குடியுங்கள் என்பதுதான். பின்னே அவன் எப்படி எடுத்துக்கொள்வான்? இதற்கு மேல், பாட்டில் தண்ணீர் மட்டும்தான் அவன் கணக்கில் வந்தது. காலையும் மாலையும் காபி 300 மில்லி, பத்து மணிக்குக் கஞ்சி 250, சாப்பாட்டோடு ரசம் 100, மோர் 200, உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீர் 250. கூட்டிப் பாருங்கள், 1100 மில்லி. பாட்டிலோடு சேர்த்தால் 2600. நீரை வெளியேற்ற ஒரு பக்கம் மாத்திரை, உள்ளே ஊற்ற ஒரு பக்கம் மகன். 61 கிலோவாக வீட்டுக்கு வந்தவர் 66 கிலோவாகத் திரும்பிப் போனார். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ராத்திரியெல்லாம் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டு விடிகாலையில் ஆம்புலன்ஸில் போனார். எந்த இங்கிலீஷ் பற்றாமல் போயிற்று இங்கே? அந்த வரியில் இருந்த எல்லாச் சொல்லும் எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரிந்த சொல்.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றவர்களுக்கு இது தெரியும். சம்மரி எழுதப்பட்டிருப்பது இங்கிலீஷே இல்லை. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் குறிப்பு அது. 1/52 கழித்து வரவும் என்று இருக்கும். வருஷத்துக்கு 52 வாரம், அதில் ஒன்று, ஆக ஒரு வாரம் கழித்து வரவேண்டும். 5/7 என்றால் ஐந்து நாள். இதை ஜூலை ஐந்தாம் தேதி என்று படித்து, அதுவரை மாத்திரையை நிறுத்தாமல் கொடுத்த பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன். எஸ்.ஓ.எஸ். என்பது தேவைப்பட்டால் மட்டும் என்பதற்கான லத்தீன் சுருக்கம். எந்தக் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மகன் எம்.ஏ. ஆங்கிலமே படித்திருக்கட்டும், ஒன்றரை லிட்டர் அவனுக்கும் ஒன்றரை லிட்டர்தான்.

பெரியப்பாவின் சம்மரியில் இன்னொரு வரி, எக்கோவில் இ.எஃப். 30 சதவீதம். இதையும் தம்பிதான் மொழிபெயர்த்தான். இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறதாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். பெரியம்மா அன்றிலிருந்து அவரைக் கழிவறைக்குக்கூடத் தனியாக விடவில்லை. நூற்றில் எழுபது பங்கு செத்துப்போன இதயம் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. அந்த எண் சொல்வது வேறு. ஒவ்வொரு துடிப்பிலும், இதயத்தின் இடது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. நல்ல இதயமே நூறும் தள்ளாது, 55இலிருந்து 70 வரைதான் தள்ளும். 30 குறைவுதான், கவனமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் மெதுவாக நடக்கலாம், நடக்கவும் வேண்டும். இந்த இரண்டு வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு மனிதரைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்க மாட்டார்கள்.

"நர்ஸ் வாயால தமிழ்லதான் சொல்றாங்களே" என்றும் அந்தப் பந்தியில் சொன்னார் உறவினர். எப்போது சொல்கிறார்கள்? பில் கட்ட ஒருவர் கீழே ஓடியிருக்கிறார், இன்ஷூரன்ஸ் அனுமதி வரவில்லை என்று இன்னொருவர் போனில் கத்துகிறார், அடுத்த நோயாளிக்காகக் கட்டிலைக் கேட்டு வாசலில் ஆள் நிற்கிறார். அந்த நேரத்தில் ஏழு மருந்தின் பெயரை இரண்டு நிமிஷத்தில் சொன்னால் யார் தலையில் நிற்கும்? சொன்னவர் மேல் குற்றமில்லை. முப்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் வைத்திருக்கிறவர்கள் மேல் குற்றம். சம்மரி இவ்வளவு நீளமாக இருப்பதும் நோயாளிக்காக இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்டால் காட்டுவதற்கு அந்த நாலரைப் பக்கம். வாழப்போகிறவருக்கு ஏழெட்டு வரி, பணம் தரப்போகிறவருக்கு நாலரைப் பக்கம். மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்தது. தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? விதி எழுதும் மேஜையிலேயே நம் வீட்டுப் பெரியம்மாக்கள் இல்லை.

தமிழில் மருத்துவத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்து, உடற்கூறு, பிரசவம், அறுவைச் சிகிச்சைப் புத்தகங்களைத் தமிழில் அச்சிட்டார். அவரால் அறுவைச் சிகிச்சையையே தமிழில் எழுத முடிந்தது. நம்மால் ஒன்றரை லிட்டரை எழுத முடியவில்லை.

இரண்டாம் முறை வீட்டுக்கு வந்தபோது பெரியப்பாவுக்கு நான் உட்கார்ந்து எழுதினேன். எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவில்லை. நோயின் பெயர், பரிசோதனை எண்கள் எல்லாம் மூலத்தில் இருக்கட்டும், எந்த டாக்டரிடம் போனாலும் அதுவும் கூடவே போகவேண்டும். மருந்தின் பெயரைத் தமிழ்ப்படுத்தக் கூடாது. அட்டையில் இருக்கும் பெயரை அப்படியே எழுதி, பக்கத்தில் அதன் உச்சரிப்பை எழுதினேன். ஃபுரோசமைட் 40: நீரைச் சிறுநீராக வெளியேற்ற. காலை எட்டு மணிக்கு ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று. இரவில் வேண்டாம், தூக்கம் கெடும். இப்படி ஒவ்வொன்றுக்கும் எதற்கு, எப்போது என்று மட்டும்.

அப்போதுதான் இன்னொன்று அகப்பட்டது. பிரஷருக்கு எனலாப்ரில் என்ற மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிட்டு வந்தவர் அவர். மருத்துவமனையில் புதிதாக ராமிப்ரில் கொடுத்திருந்தார்கள். இரண்டும் ஒரே வகை மருந்து. சேர்த்துச் சாப்பிட்டால் பிரஷர் தாழ்ந்து மயக்கம் வரும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். வீட்டில் இரண்டும் போய்க்கொண்டிருந்தது, மேலே இளநீர் வேறு. இளநீரில் இருப்பதும் பொட்டாசியம்தான். பழையதை நிறுத்து என்று சம்மரியில் ஒரு வரிகூட இல்லை. டாக்டரைப் போனில் பிடித்துக் கேட்டேன். நிறுத்தத்தான் வேண்டும் என்றார். என் தாளில் அதற்கென்று தனிக் கட்டம் போட்டேன்: இனிமேல் சாப்பிடக் கூடாதவை. எனலாப்ரில், முட்டி வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், இளநீர். உப்புக்குப் பதிலாக இந்துப்பு போடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதுவும் உப்புதான், அதுவும் அளவோடுதான் என்று எழுதினேன்.

நீர் வரியை இப்படி எழுதினேன்: "தண்ணீர், காபி, கஞ்சி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. காலையில் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்து வையுங்கள். ஒரு டம்ளர் காபி குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பாட்டில் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்." அதன் கீழே: "தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், எடை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், மூச்சு வாங்காவிட்டாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்." கால் வீங்கி மூச்சு முட்டுவதற்குச் சில நாள் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். முதல் சம்மரியில் தினமும் எடை பார்க்கவும் என்று மட்டும் இருந்தது. எவ்வளவு கூடினால் என்ன செய்வது என்று இல்லை. தம்பி எடையைப் பார்த்து, நோட்டில் எழுதி, அப்பாவுக்கு உடம்பு தேறுகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறான்.

எழுதி முடித்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். புரிந்ததா என்று கேட்கவில்லை, கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "நாளைக்குக் காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீங்கன்னு சொல்லுங்க பெரியம்மா" என்றேன். எடையில் ஆரம்பித்து மதிய மாத்திரை வரை சரியாகச் சொன்னார். ரசத்தை மட்டும் விட்டுவிட்டார். சோற்றோடு பிசைந்து சாப்பிடுவதால் அது சாப்பாட்டில் சேர்த்தி என்று நினைத்திருக்கிறார். தாளில் அந்த இடத்தில் ரசத்துக்கு அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன்.

இந்த வேலை என்னுடையதும் இல்லை, தம்பியுடையதும் இல்லை. சம்மரி எழுதிய மருத்துவமனையின் வேலை. இதய நோய்க்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று என்று தமிழில் படிவம் அடித்து வைத்தால், டியூட்டி டாக்டர் மருந்தையும் அளவையும் நிரப்பக் கால்மணி நேரம் போதும். மருந்தாளுநர் ஒருமுறை சரிபார்க்கட்டும். கீழே டாக்டரின் கையெழுத்து இருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் ராத்திரியிலும் எடுத்துப் பேசும் ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை கட்டிலைக் காலி செய்யாதீர்கள்.